இந்தப் பழைய படம் பணகுடிப் பக்கமா, தக்கலைப் பக்கமா? பின்னால் இருக்கும் எல்லைச் சுவரை வைத்துச் சொல்ல முடியுமா?

கல்குளம்_பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். பாட்டி இறந்த பிறகு அவங்க டிரங்குப் பெட்டியில் ஒரு கலர் படம் கிடைத்தது. அஞ்சலட்டை அளவு, சிவந்து வெளுத்துப்போன படம். 1980களில் எடுத்ததாக இருக்கலாம். பாட்டியும், அடையாளம் தெரியாத ஒரு ஆணும் நடைபாதையில் நிற்கிறார்கள். பின்னால் பாட்டியின் தோள் உயரத்துக்கு ஒரு எல்லைச் சுவர். கீழே கல், மேலே ஒரு அடி போல மண். மேலே வரிசையாக இலையில்லாத கம்புகள், அவற்றில் அங்கங்கே வெளிர் ரோஸ் நிறப் புள்ளிகள். சுவருக்குப் பின்னால் மரச்சீனி, அதாவது மரவள்ளிச் செடி, நிற்கிறது. தூரத்துச் சரிவில் ஒரே மாதிரி மரங்கள், அவற்றிலும் இலை இல்லை. இடது ஓரத்தில் ஒரு மலையின் பாதி.

அந்த ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால் முதலில் இடம் தெரிய வேண்டும். அம்மா, பாட்டியின் தங்கையைக் கட்டிக்கொடுத்த பணகுடிப் பக்கம் என்கிறாங்க. மாமா, தக்கலைக்கு மேற்கே என்கிறார். இருவருமே அந்த இடத்தைப் பார்த்ததில்லை. படத்தின் பின்னால் பாதி அழிந்த ஸ்டுடியோ முத்திரை, அதில் "மார்த்" வரைக்கும்தான் படிக்க முடிகிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

பணகுடி_காற்று

எங்க ஊர்ப் பெயரைப் பார்த்ததும் வந்தேன். எங்க பக்கம் காட்டில் பொறுக்கின கல்லையெல்லாம் எல்லையில்தான் போடுவோம். அதனால் கல் எல்லை என்றால் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் நிச்சயமா வரலாம். கம்புகள் இலையில்லாமல் காய்ந்து நிற்பதும் எங்க வறட்சிக்குப் பொருந்துது. ஆனா படத்தில் ஒரு பனைமட்டைகூட இல்லையே, அது இடிக்குது. எங்க பக்கம் என்றால் கருக்குமட்டையோ உடைமுள்ளோ ஒரு இடத்திலாவது தெரியணும்.

காங்கேயத்தோட்டம்

மேலே நிற்கிற கம்புகள் கிளுவை மாதிரி இருக்குதுங்க. எங்க ஊர்ப் பக்கம் மேய்ச்சல் நிலமான கொறங்காடு முழுக்க முள்கிளுவை வேலிதான். கோடையில் இலையெல்லாம் கொட்டி இப்படித்தான் மொட்டையாக நிற்கும். படம் கொங்குநாட்டில் எடுத்ததாக இருக்க வாய்ப்பு இருக்குதுங்களா? பாட்டிக்கு இந்தப் பக்கம் சொந்தம் உண்டுங்களா?

மேற்குக்கரை

சரியான நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்க விளை நிலத்துக்கும் பக்கத்து விளைக்கும் நடுவே மண்ணைத் தாங்கி நின்ற கல் எல்லை, அந்தப் பழைய கய்யாலை, போன கார்த்திகை மழையில் இடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு அடி எங்க பக்கம் தள்ளிப் புதுச் சுவர் கட்டிவிட்டார். பழைய கய்யாலை இருக்கும் 1992ஆம் ஆண்டு கல்யாணப் படம் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து எல்லை எங்கே இருந்தது என்று நிரூபிக்க முடியுமா?

கய்யாலைக்காரன்

மோளே, படத்தைப் பெரிசாக்கி ஒரு மணி நேரம் பாத்தேன். எனக்க அப்பன் திருவட்டாறு பக்கம் கய்யாலை கெட்டுத வேலைதான் செய்தாரு. நானும் 20 வயசு வரைக்கும் கூடப் போயிருக்கேன். அதனால நிதானமா எழுதுதேன்.

எல்லையைப் பாக்கும்போது முதல்ல கேக்க வேண்டியது, கல்லா முள்ளா என்பது இல்லை. அது எதைத் தடுக்க நிக்குது என்பதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே எல்லை போடுவது ஆடுமாடு உள்ளே வராம இருக்க. அதனால முள் வேணும், உயரம் வேணும், ரெண்டு பக்கமும் நிலம் ஒரே மட்டத்தில் இருக்கும். கணவாய் தாண்டி நாஞ்சில் வயலுக்கு வந்தா வேலியே கிடையாது, வரப்பு மட்டும்தான். தக்கலை தாண்டி மேற்கே ஏறினா நிலம் சரிவு. வருசத்தில் ரெண்டு மழை, ஆனியாடியில் ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில் ஒண்ணு. அங்க எல்லை போடுவது மண்ணு ஒழுகிப் போகாம இருக்கத்தான். ஆடு வாறது ரெண்டாவது கவலை.

இப்போ படத்தில் மரச்சீனியைப் பாருங்க. மூத்த மரச்சீனி ஆள் உயரத்துக்கு மேல ஒரு சாண் ரெண்டு சாண் நிக்கும். சுவர் பாட்டிக்கத் தோள் உயரம், அதாவது ஏறத்தாழ 4 அடி. ரெண்டு பக்கமும் நிலம் ஒரே மட்டம் என்றால் சுவருக்கு மேல மரச்சீனிக்க கொண்டைதான் தெரியணும். ஆனா படத்தில் தண்டு கிட்டத்தட்ட மூட்டிலிருந்தே தெரியுது, செடி பாட்டியைப் போல ரெண்டு மடங்கு உயரத்தில் நிக்குது. அப்படீன்னா சுவருக்குப் பின்னால் நிலம் மூணு, மூணரை அடி உயரம். இது தனியா நிக்கிற சுவர் இல்லை, மண்ணைத் தாங்குத கய்யாலை.

அடுத்தது கல் உக்காந்திருக்க விதம். பணகுடித் தம்பி சொன்ன கல்லடுக்கு நிலத்தில் பொறுக்கின கல்லு, குவிச்சு விட்டது, ரெண்டு பக்கமும் முகம் உண்டு. இது அப்படி இல்லை. கல்லுக்க நீளப் பக்கத்தை மண்ணுக்குள்ள குத்தி, சின்ன முகத்தை வெளியே காட்டி வச்சிருக்காவ. முழுச் சுவரும் மேட்டுப் பக்கம் சாஞ்சு நிக்குது, பாட்டிக்க வலது பக்க ஓரத்தில் அது நல்லா தெரியும். கல்லுக்கு நடுவில சாந்து கிடையாது, தண்ணி ஒழுகி வரணும் என்பதால. சாந்து பூசி அடைச்சா மழைக்குத் தண்ணி பின்னால நின்னு மொத்தமா தள்ளி விட்டுரும்.

நடுவில ஒரு இடத்தில் கல்லு புதுசா, வெளுப்பா, அளவு மாறி இருக்கு பாருங்க. அது வயிறு தள்ளி இடிஞ்சு திரும்பக் கெட்டின இடம். அதுக்குப் பக்கத்தில் பாசியில்லை, மற்ற இடமெல்லாம் கறுத்த பாசி. கெட்டி ஒண்ணு ரெண்டு மழைக்காலம்தான் ஆயிருக்கும்.

எனக்கு இது மேற்கு. பணகுடி கிடையாது.

கல்குளம்_பேத்தி

கய்யாலைக்கார மாமா, மரச்சீனி உயரம் பற்றி நீங்க சொன்னதைப் படித்துவிட்டு படத்தைத் திரும்பப் பார்த்தேன். இத்தனை நாளா அது சுவருக்குப் பின்னால் ஒரு காடு என்று மட்டும் நினைத்திருந்தேன். இப்போ அந்த நிலம் எனக்கு மேடாகத் தெரிகிறது. ரொம்ப நன்றி.

செடிகொடி_டீச்சர்

நான் நாகர்கோவிலில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கம்புகளைப் பற்றிச் சொல்கிறேன்.

காங்கேயத்துக்காரர் சொன்னது பாதி சரி. நட்ட கம்பு துளிர்த்து வேலியாவது கிளுவைக்கும் உண்டு, இதற்கும் உண்டு. ஆனால் முள்கிளுவையின் கிளை முள்ளாகக் கூராகி, பக்கவாட்டில் பின்னிக்கொண்டு வரும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு புதர்ச் சுவர். இந்தப் படத்தில் கம்புகள் நேராக, நீளமாக, ஒன்றோடொன்று பின்னாமல் நிற்கின்றன. ரோஸ் நிறப் புள்ளிகள் படத்தின் கறை இல்லை, பூ. இலை கொட்டிய மொட்டைக் கிளையில் ரோஸ் பூ வருவது சீமைக்கொன்றை. மேற்கில் அதன் தழையை வெட்டி வயலுக்கு உரமாகப் போடுவார்கள். அதற்காகவே கய்யாலை மேட்டில் நட்டு, ஆண்டுதோறும் கழிப்பார்கள். படத்தில் எல்லாக் கம்பும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பது அதனால்தான்.

சீமைக்கொன்றை பூப்பது தை முதல் பங்குனி வரை. இப்போது தூரத்துச் சரிவில் நிற்கும் மரங்களைப் பாருங்கள். சம இடைவெளி, ஒரே தடிமன், இலையில்லை. அது ரப்பர். நம் மாவட்டத்தில் ரப்பர் மார்கழி, தை மாதங்களில் இலை கொட்டி, மாசிக்குள் தளிர் விட்டுவிடும். பூவும் வேண்டும், ரப்பர் மொட்டையாகவும் இருக்க வேண்டும் என்றால் இரண்டும் சந்திப்பது தை மாதம்தான். அந்த ஆண் வேட்டி சட்டையோடு பளிச்சென்று நிற்பதைப் பார்த்தால் பொங்கல் சமயமோ ஒரு கல்யாணமோ இருக்கலாம், அது என் ஊகம் மட்டுமே.

ரப்பர் இருக்கிறது என்ற ஒன்றே பணகுடியை விலக்கிவிடும். கணவாய்க்குக் கிழக்கே அந்த மழைக்கு ரப்பர் வராது.

பணகுடி_காற்று

ரப்பர் என்றதும் ஒத்துக்கிடுதேன் டீச்சர். நான் அதை வேம்பு வரிசை என்று நினைச்சுட்டேன். ஆனா பொதுவா ஒண்ணு கேக்கேன், பனைமட்டை வேலி இருந்தா எங்க பக்கம் என்று வச்சுக்கலாம்தானே? அடுத்த படத்துக்கு உதவும்.

கய்யாலைக்காரன்

அதைத்தான் வச்சுக்கக் கூடாது தம்பி. விளவங்கோடு பக்கம் எத்தனை பனை இருந்தது என்று பழைய ஆளுகளைக் கேட்டா சொல்லுவாவ. கருப்பட்டி அங்கேயும் காய்ச்சினாங்க. பனை இருந்த இடத்தில் எல்லாம் மட்டை வேலி உண்டு. மட்டையைப் பாக்காம, மட்டையை எதில் கெட்டியிருக்காவ என்று பாருங்க. மேற்கில் நடுவே நட்ட கால் உயிரோட இருக்கும். பூவரசு, முருங்கை, சீமைக்கொன்றை, முள்முருங்கை. ரெண்டு மழையில் எந்தக் கம்பை நட்டாலும் துளிர்க்கும். கிழக்கில் கால் கல்லுக்காலா இருக்கும், இல்லாட்டி காய்ஞ்ச உடைக்கம்பு, அடியில் கரையான் தின்ன கம்பு. கடற்கரையில் மட்டைக்குப் பதிலா முடைஞ்ச தென்னோலை, அதை வருசா வருசம் மாத்தணும்.

பணகுடி_காற்று

இது எனக்குப் புதுசு. எங்க வீட்டுப் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரி கல்லுக்கால்தான் அண்ணாச்சி. ஆனா கிணத்துப் பக்கம் மட்டும் பூவரசங்கால் துளிர்த்து நிக்குது.

கய்யாலைக்காரன்

கிணத்துத் தண்ணி ஒழுகுத இடம், அங்க துளிர்க்கும். அதனாலதான் ஒரு படத்தில் ஒரு மூலையை மட்டும் பாத்து ஊரைச் சொல்லக் கூடாது.

செடிகொடி_டீச்சர்

செடியை வைத்து ஆண்டைக் குறுக்குவதற்கும் ஒன்று சொல்கிறேன், கேட்டவருக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும். சப்பாத்திக்கள்ளி சுவர் போல அடர்ந்து எல்லையாக நிற்கும் படம் தென் தமிழ்நாட்டில் கிடைத்தால், அது பழைய படமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். 1926 வாக்கில் இலங்கையிலிருந்து ஒரு செம்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது பெரும்பரப்புகளில் அந்தக் கள்ளியை அழித்தது. இன்றும் திட்டுத்திட்டாக உண்டு, அதனால் இரண்டு செடியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கெட்டியான, நீண்ட வேலியாக இருந்தால் மட்டும் பழைய படமா என்று யோசிக்கலாம்.

மேற்குக்கரை

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கய்யாலைக்காரன்

கோவிக்காதீங்க, எழுத நினைச்சதுதான். படத்தை வச்சு இடத்தைச் சொல்லலாம், ரெண்டு அடியைச் சொல்ல முடியாது. கய்யாலை சாஞ்சு நிக்கிறதால அடிக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு அடி வித்தியாசம் வரும், எதை எல்லையாக எடுப்பீங்க? பத்து மழைக்கு வயிறு தள்ளினா முகம் அரை அடி முன்னால வந்திருக்கும். உங்க எல்லை, நிலத்தை அளந்து வரைஞ்ச புலப்படத்தில் இருக்கு. தாலுகா ஆபீசில் அதுக்க நகல் வாங்கி, சர்வேயருக்கு எழுதிக் கொடுத்து அளக்கச் சொல்லுங்க. புதுச்சுவருக்கு அடியில் பழைய அடித்தளக் கல்லு இருந்தா அதைத் தோண்டி எடுக்காம விட்டிருங்க, அளக்க வாறவருக்குக் காட்டலாம். கல்யாணப் படத்தையும் பத்திரமா வைங்க, ஆனா அது பக்கத்துணைதான்.

எல்லையோரம்

நான் பனச்சமூடு பக்கம். தக்கலை, திருவட்டாறு என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டீர்கள் போல இருக்கிறது. நான் அதில் சேரமாட்டேன். நீங்கள் சொன்ன கய்யாலை, சீமைக்கொன்றை, மரச்சீனி, ரப்பர் எல்லாம் எங்க வீட்டிலிருந்து அடுத்த வளைவில் கேரளாவிலும் அப்படியே இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை போட்டார்கள், அதற்கு முன்னால் இது எல்லாம் ஒரே நாடு. கய்யாலை கட்டினவனும் இரண்டு பக்கமும் போய்க் கட்டினவன்தான். வெள்ளறடையா அருமனையா என்று இந்தச் சுவரை வைத்து எப்படிச் சொல்வீர்கள்?

காங்கேயத்தோட்டம்

கேரளாவில் வீட்டு வாசலில் கூரை போட்ட படிப்புரை இருக்குமுங்களே, அது இருந்தால் கேரளா, இல்லாவிட்டால் தமிழ்நாடு என்று பிரிக்க முடியாதுங்களா?

எல்லையோரம்

அது உதவாது அண்ணா. கல்குளம் தாலுகாவிலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை திருவிதாங்கூர் ஆட்சி அங்கிருந்துதான் நடந்தது. பழைய குமரி வீடுகளில் படிப்புரை நானே பார்த்திருக்கிறேன். இந்தப் படத்தில் வாசலே தெரியவில்லை, ஓரத்தில் இரண்டு கவைக்கால் நட்ட ஒரு சந்து மட்டும் இருக்கிறது. எங்க வீட்டில் அதைக் கடப்பு என்போம். ஆள் பக்கவாட்டில் நுழையலாம், மாடு நுழைய முடியாது.

வெட்டுக்கல்லை மட்டும் ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். செங்கல் மாதிரி அறுத்த செம்பாறைக் கல்லில் பூசாமல் நீளமான சுவர் கட்டியிருந்தால், நான் கண்ணூர், காசர்கோடு பக்கம் யோசிப்பேன், எங்க பக்கம் இல்லை. இங்கே எல்லைக்குப் பெரும்பாலும் கருங்கல்.

கய்யாலைக்காரன்

எல்லையோரம் சொல்லுதது சரி. கய்யாலையை வச்சு கேரளாவா தமிழ்நாடா என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லுதவங்களை நம்பவும் மாட்டேன். இந்தச் சுவர் கணவாய்க்கு எந்தப் பக்கம் என்று சொல்லும், களியக்காவிளைக்கு எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதுக்கு எழுத்து வேணும், சுவரில் விளம்பரமோ பஸ்ஸுக்க போர்டோ. இல்லாட்டி மலை வேணும்.

கல்குளம்_பேத்தி

மலையைப் பற்றி மாமா ஏற்கனவே சண்டை போட்டிருக்கிறார். அது வேளிமலை என்று சொல்லி, குமாரகோவில் பக்கம் நின்று எடுத்த இன்றைய படத்தோடு ஒப்பிட்டார். சரிவு பொருந்தவில்லை. படத்தில் மலை இடதுபுறம் மெதுவாக ஏறி வலதுபுறம் செங்குத்தாக இறங்குகிறது, இன்றைய படத்தில் நேர்மாறாக இருக்கிறது. அதனால் வேளிமலை இல்லை என்று அம்மா முடித்துவிட்டாங்க.

செடிகொடி_டீச்சர்

நேர்மாறாக இருக்கிறது என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த ஆணின் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது?

கல்குளம்_பேத்தி

அவருடைய வலது மார்பில்.

செடிகொடி_டீச்சர்

சட்டைப் பை இடது மார்பில்தான் தைப்பார்கள். பாட்டியின் முந்தானையையும் பாருங்கள், வலது தோளில் கிடக்கிறது. ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். படத்தை இட வலமாகத் திருப்பிவிட்டு மலையை ஒப்பிடுங்கள். கய்யாலையையும் பயிரையும் பற்றிச் சொன்னது எதுவும் மாறாது, ஏனென்றால் அது உயரத்தை வைத்துச் சொன்னது. திசையை வைத்துச் சொன்னது மட்டும் மாறும்.

கல்குளம்_பேத்தி

திருப்பிப் பார்த்தேன். சரிவு இப்போ ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ஆனால் உச்சிப் பகுதி கம்புகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, அதனால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. மாமாவுக்கு அனுப்பினேன், போனில் அழுதுவிட்டார்.

எல்லையோரம்

எனக்கு இன்னும் சந்தேகம்தான். பாதி மலை எல்லா மலைக்கும் பொருந்தும். ஸ்டுடியோ முத்திரை மார்த்தாண்டம் என்றால் அருமனைக்காரரும் பனச்சமூட்டுக்காரரும் படம் கழுவ அங்கேதான் வந்தார்கள். கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் எங்கே வேண்டுமானாலும் வந்து எடுத்திருப்பார்.

கய்யாலைக்காரன்

மோளே, ஒண்ணு செய்யலாம். திருப்பின படத்தில் கடப்புக்கு இடது பக்கம், அடியிலிருந்து மூணாவது வரிசையில் ஒரு பெரிய கல்லு வரும். அதில் நெடுகே ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்தில் மூணு உளிக்குழி. பாறை உடைக்க ஆப்பு அடிச்ச குழி அது. கய்யாலை இடிஞ்சாலும் அந்த மாதிரிக் கல்லை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க, திரும்ப அடியில்தான் வைப்பாங்க. மாமாவுக்குத் தெரிந்த தக்கலைப் பக்கத்து விளை எது என்று கேட்டு எனக்குச் சொல்லுங்க. குமாரகோவிலுக்கு மேற்கே என்றால் எனக்க வீட்டிலிருந்து பைக்கில் போயிரலாம். சனிக்கிழமை மழையில்லாட்டி போறேன்.

கல்குளம்_பேத்தி

மாமாவைக் கேட்டேன். அந்த விளையைப் பாட்டாவின் அண்ணன் வீட்டார் விற்று இருபது வருசமாகிறது. ரோட்டுப் பக்கம் முழுக்க இப்போ ஹாலோ பிளாக் மதில் கட்டிவிட்டார்களாம். ஓடைப் பக்கம் மட்டும் பழைய கய்யாலை கொஞ்சம் நிற்கிறது என்று சொன்னார். வழியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். படத்தின் பிரிண்ட் ஒன்றும் திருப்பி எடுத்து அனுப்புகிறேன், கையில் வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

கய்யாலைக்காரன்

சரி மோளே. ஓடைப் பக்கம் என்றால் நல்லது, தண்ணி அரிச்சு அடிக்கல்லு வெளியே தெரியும். ஓடைக்குள்ள விழுந்து கிடக்க கல்லையும் பாத்துட்டு வாறேன்.